‘செய்ய’, ‘செய்யும்படி’, ‘செய்வதற்கு’, ‘செய்ய வேண்டும் என்று’: கிரேக்க இன்ஃபினிடிவுக்கு எதைப் போடுவது?

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை மூலத்தில் படிக்கத் தொடங்கும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வசனங்களுக்கு நடுவே வந்து சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டும் யோவானில் உள்ளவை. வினைச்சொல்லும் ஒன்றே: ‘விரும்பு’ என்னும் பொருளுள்ள ‘தெலோ’.

யோவான் 12:21: ‘தெலொமென் தொன் யேசூன் இதெய்ன்’. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘விரும்புகிறோம் – இயேசுவை – பார்க்க’. ‘இயேசுவைப் பார்க்க விரும்புகிறோம்’ என்று தமிழ் தானாக வந்து விழுகிறது.

யோவான் 21:22: ‘எஆன் அவ்தொன் தெலோ மெனெய்ன்’. சொல்லுக்குச் சொல் ‘ஆல் – அவனை – விரும்பு – தங்கியிருக்க’. இங்கே ‘அவனைத் தங்கியிருக்க விரும்பினால்’ என்று எழுதினால் அது தமிழே இல்லை. ‘அவன் தங்கியிருக்க விரும்பினால்’ என்று எழுதினால் தமிழ் சரி, பொருள் தவறு. விரும்புகிறவர் இயேசு, தங்கப்போகிறவன் சீடன். அந்தத் தமிழ் வாக்கியத்திலோ இரண்டையும் சீடனே செய்கிறான்.

கிரேக்கத்தில் இரண்டும் ஒரே அமைப்பு: விருப்ப வினை, இரண்டாம் வேற்றுமைப் பெயர், இன்ஃபினிடிவ். முதலாவதில் அந்தப் பெயர் பார்க்கப்படுபவர், அதாவது செயப்படுபொருள். இரண்டாவதில் அந்தப் பெயரே தங்குபவன், அதாவது எழுவாய். கிரேக்கம் இன்ஃபினிடிவின் எழுவாயையும் இரண்டாம் வேற்றுமையில் நிறுத்தும். தமிழின் விருப்ப வினை அதற்கு இடம் தராது. ‘இன்ஃபினிடிவ் என்றால் செய எச்சம்’ என்று முதல் பாடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

(கிரேக்க வடிவத்தை ‘இன்ஃபினிடிவ்’ என்றும், தமிழின் ‘செய்ய, போக, பார்க்க’ வடிவத்தைச் ‘செய எச்சம்’ என்றும் கட்டுரை முழுக்கப் பிரித்தே சொல்கிறேன். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே காட்ட முடியும்.)

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, எடை மிகுந்த கேள்வி: இன்ஃபினிடிவின் செயலைச் செய்வது யார்? முதன்மை வினையைச் செய்கிறவரேவா, வேறொருவரா, பெயர் சொல்லப்படாத யாரோவா? இதற்கு விடை தெரியாமல் தமிழ் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டாவது, எதிர்மறை எதன்மேல் விழுகிறது: விருப்பத்தின்மேலா, விரும்பிய செயலின்மேலா?

மூன்றாவது, வாக்கியம் எவ்வளவு நீளம்? கிரேக்கத்தில் இன்ஃபினிடிவ் கடைசியில் வாலாக நீளலாம். தமிழில் அது முதன்மை வினைக்கு முன்னால் வந்து அடைகிறது. நடுவில் ஏழெட்டுச் சொற்கள் நுழைந்தால் சில வடிவங்கள் தாங்கும், சில தாங்காது.

நான்காவது தொனி. அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதல் மூன்றும் சரியாக இருந்தால் தொனிக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வழிகளே மிஞ்சியிருக்கும்.

## விருப்பம்: ‘தெலோ’, ‘பூலொமாய்’

செய எச்சம் + விரும்பு. விரும்புகிறவரும் செய்பவரும் ஒருவரே என்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. ‘பார்க்க விரும்புகிறோம்.’ பேச்சுக்கு நெருக்கமாக வேண்டுமானால் ‘எங்களுக்கு இயேசுவைப் பார்க்க வேண்டும்’ எனலாம். அந்த ‘எங்களுக்கு’ என்பதில் கவனம் வேண்டும். நான்காம் வேற்றுமை இருந்தால் ‘வேண்டும்’ விருப்பம். ‘நாங்கள் இயேசுவைப் பார்க்க வேண்டும்’ என்று எழுவாயாக்கினால் அது கடமை அல்லது கட்டாயம். ‘கு’ உருபைத் தவறவிட்டால் ‘தெலோ’ என்ற வினை ‘தெய்’ (கட்டாயம் வேண்டும்) என்ற வேறொரு கிரேக்கச் சொல்லாக மாறிவிடுகிறது.

செய்ய வேண்டும் என்று + விரும்பு. செய்பவர் வேறு என்றால் இதுதான் பொது வழி. ‘நான் வரும்வரை அவன் தங்கியிருக்க வேண்டும் என்று நான் விரும்பினால்.’ கிரேக்கத்தின் ‘அவ்தொன்’ தமிழில் ‘அவன்’ ஆகிறது. வேற்றுமை மாறுவது பிழையன்று, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

இதன் மறைவான விலை ‘என்று’ என்ற சொல்லில் இருக்கிறது. அது நேர்கூற்றையும் அயற்கூற்றையும் ஒரே வாசலில் விடும். ‘நான் போக வேண்டும் என்று அவர் விரும்பினார்’ என்பதில் போவது யார்? இதை எழுதுகிற நானாகவும் இருக்கலாம், தன்னைத்தானே ‘நான்’ என்று சொல்லிக்கொண்ட அவராகவும் இருக்கலாம். கிரேக்க இன்ஃபினிடிவில் இந்த மயக்கம் இல்லை. அவரே போகிறார் என்றால் செய எச்சத்துக்குத் திரும்பி ‘போக விரும்பினார்’ என்று முடித்துவிடுவது நல்லது. நீண்ட வாக்கியத்தில் அது முடியாவிட்டால் ‘தான் போக வேண்டும் என்று’ எனத் ‘தான்’ போட்டுப் பூட்டலாம்.

செய்வதை + விரும்பு. ‘அவன் தங்கியிருப்பதை விரும்பினால்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இலக்கணம் குறை சொல்லாது, ஆனால் பொருள் நழுவுகிறது. அவன் ஏற்கெனவே தங்கியிருக்கிறான், அது எனக்குப் பிடித்திருக்கிறது என்ற வாசனை வருகிறது. எதிர்மறையில் மட்டும் இதே வடிவம் நன்றாக வேலை செய்யும். லூக்கா 19:14இல் குடிமக்கள் ‘ஊ தெலொமென் தூதொன் பசிலெவ்சாய் எப் ஹேமாஸ்’ என்கிறார்கள். ‘இவன் எங்களை ஆள்வதை நாங்கள் விரும்பவில்லை.’ எதிர்மறைச் சொல் ‘ஊ’ விருப்பத்தின்மேல் விழுகிறது, தமிழிலும் அங்கேயே விழுகிறது. ‘ஆள வேண்டும் என்று விரும்பவில்லை’ என்றால் எதிர்ப்பு மழுங்கிவிடும்: ஆண்டால் ஆளட்டும், எங்களுக்கு அப்படியொரு ஆசை இல்லை என்பதுபோல் ஆகும். ‘ஆளக் கூடாது என்று விரும்புகிறோம்’ என்பது எதிர்மறையை இடம்மாற்றுகிறது. கோபம் அதில் தெரியத்தான் செய்கிறது, ஆனால் ‘மாட்டோம்’ என்று மறுக்கும் குரல் போய்விடுகிறது.

பழைய எழுத்துத் தமிழில் இன்னொரு வழி உண்டு: ‘அவன் இருக்க எனக்கு விருப்பமானால்’. விரும்புதலை வினையாக வைக்காமல் ‘விருப்பம்’ என்ற பெயராக்கினால் செய எச்சம் தனக்கென ஓர் எழுவாயைத் தாங்கிக்கொள்கிறது. சுருக்கமும் கம்பீரமும் உள்ள வடிவம். ஆனால் அதன் பழமை இன்றைய உரைநடையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

## கட்டளை: ‘கெலெவோ’, ‘பரங்கெல்லோ’, ‘தியதஸ்ஸோ’

இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. விருப்பத்தில் ஒத்துவராத கிரேக்க அமைப்பு, கட்டளையில் நம் அன்றாடப் பேச்சோடு அப்படியே பொருந்துகிறது. மத்தேயு 14:28இல் பேதுரு: ‘கெலெவ்சொன் மெ எல்தெய்ன்’. சொல்லுக்குச் சொல் ‘கட்டளையிடு – என்னை – வர’. தமிழ்: ‘என்னை வரச் சொல்லும்.’ இரண்டாம் வேற்றுமைப் பெயர், செய எச்சம், சொல். ஒன்றுகூட மாறவில்லை.

செய எச்சம் + சொல். கட்டளை பெறுபவர் ஒருவராக, செயல் செயப்படுபொருள் குன்றியதாக (வா, போ, உட்கார்) இருக்கும்போது இதுவே சிறந்தது. இரண்டு இடங்களில் கெடும். ஒன்று, செயலுக்கும் தனியே ஒரு செயப்படுபொருள் இருந்தால் ‘காவலனை அவர்களைக் காக்கச் சொன்னார்கள்’ என இரண்டு ‘ஐ’ மோதிக்கொள்ளும். இரண்டு, அதைத் தவிர்க்க ‘இடம்’ போட்டால் ‘அவனிடம் போகச் சொன்னேன்’ என்பது ‘அவனுக்குச் சொன்னேன், போ என்று’ எனவும் படும், ‘யாரையோ அவனிடத்துக்கு அனுப்பினேன்’ எனவும் படும். அசைவைக் குறிக்கும் வினைகளோடு ‘இடம்’ வந்தால் எப்போதும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதோடு ‘வரச் செய்தார்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘வரச் சொன்னார்’ என்றால் வந்தானா என்பது தெரியாது. ‘வரச் செய்தார்’ என்றால் வந்தே விட்டான். ‘கெலெவோ’ கட்டளை கொடுத்ததை மட்டுமே சொல்கிறது, நிறைவேறியதை அன்று.

செய்யும்படி (அல்லது செய்யுமாறு) + கட்டளையிடு. நீளமான, கனமான கட்டளைகளுக்கு இது. அப்போஸ்தலர் நடபடிகள் 16:23இல் சிறைக்காவலன் ‘பரங்கெல்லோ’வுக்கு நான்காம் வேற்றுமையில் வருகிறான். தமிழிலும் கட்டளை நான்காம் வேற்றுமையையே கேட்கிறது: ‘அவர்களைப் பத்திரமாகக் காவலில் வைத்திருக்கும்படி சிறைக்காவலனுக்குக் கட்டளையிட்டார்கள்.’ இங்குள்ள இன்ஃபினிடிவ் ‘தேரெய்ன்’ தொடர்ச்சியைக் காட்டும் வடிவம். ‘வைக்கும்படி’ என்னாமல் ‘வைத்திருக்கும்படி’ என்றால் அந்தத் தொடர்ச்சியும் கூடவே வந்துவிடுகிறது.

இன்னொரு பெரிய வசதி, செய்பவர் சொல்லப்படாத செயப்பாட்டு இன்ஃபினிடிவ்களை இது தாங்கும். மத்தேயு 27:58இல் பிலாத்து உடல் ‘கொடுக்கப்படுமாறு’ கட்டளையிடுகிறான். ‘கொடுக்கப்படும்படி கட்டளையிட்டான்’ என்று எழுதத் தேவையே இல்லை. ‘கொடுக்கும்படி கட்டளையிட்டான்’ போதும். தமிழில் எழுவாயில்லாத ‘கொடுக்கும்படி’, ‘யாரோ கொடுக்கட்டும்’ என்றே கேட்கும். கிரேக்கச் செயப்பாட்டு வினையைத் தமிழ்ச் செய்வினை இங்கே உண்மையாகவே மொழிபெயர்க்கிறது.

இதன் விலை, ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘படி’ வந்தால் எது எதற்குக் கீழே என்று தெரியாமல் போவது. ஒன்றை ‘மாறு’ ஆக்கினால் காதுக்கு இதமாகும், பொருள் குழப்பம் தீராது. வாக்கியத்தை உடைப்பதே மருந்து.

நேர்கூற்று + என்று. ‘“போ” என்றார்’, ‘போக வேண்டாம் என்று சொன்னார்.’ எதிர்மறைக் கட்டளைக்கு இதுவே இயல்பானது. அப்போஸ்தலர் 1:4இல் ‘மே கோரிஸெஸ்தாய், அல்லா பெரிமெனெய்ன்’: எருசலேமைவிட்டு ‘விலக வேண்டாம், காத்திருங்கள் என்று கட்டளையிட்டார்’. எதிர்மறை ‘மே’ இன்ஃபினிடிவோடு ஒட்டியிருக்கிறது. அதை முதன்மை வினைக்குக் கொண்டுபோய் ‘விலகக் கட்டளையிடவில்லை’ என்று எழுதுவது தொடக்கநிலையில் அடிக்கடி காணும் பிழை. அப்போது கட்டளையே இல்லாமல் போகிறது.

மறைவான விலை: நேர்கூற்று மரியாதையைக் கேட்கும். கிரேக்க இன்ஃபினிடிவுக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, உயர்வும் இல்லை. தமிழில் ‘என்று’ வந்தவுடன் போ, போம், போங்கள் என ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மூலம் சொல்லாத ஓர் உறவை மொழிபெயர்ப்பாளர் நிர்ணயிக்கிறார். உறவு தெளிவாக இருந்தால் தயங்க வேண்டாம். தெளிவாக இல்லாவிட்டால் ‘படி’ பாதுகாப்பானது.

## நோக்கம்: வந்தார், அனுப்பினார், புறப்பட்டான்

ஒரே வாக்கியம், மூன்று நற்செய்திகள், மூன்று வடிவங்கள். விதைக்கிறவன் புறப்பட்டுப் போகிறான். மாற்கு 4:3இல் வெறும் ‘ஸ்பெய்ராய்’. லூக்கா 8:5இல் முன்னால் ஆறாம் வேற்றுமைச் சுட்டு சேர்ந்து ‘தூ ஸ்பெய்ராய்’. மத்தேயு 13:3இல் ‘தூ ஸ்பெய்ரெய்ன்’, அதாவது தொடர்ச்சி வடிவம். (மாற்கிலும் ‘தூ’ சேர்த்துப் படிக்கும் கையெழுத்துப் படிகள் உண்டு.) தமிழில் மூன்றுக்கும் ‘விதைக்கப் புறப்பட்டான்’ என்பதே சரி. ‘தூ’ வந்த இடத்தில் ‘விதைப்பதற்காக’ என்று போட்டு வேறுபாட்டைக் காட்டும் ஆசை எழும். காட்ட வேண்டியதில்லை. ‘தூ’ நோக்கத்தை வெளிப்படையாக்குகிறது, ‘காக’ போல அழுத்தம் தருவதில்லை.

செய எச்சம். வருதல், போதல், அனுப்புதலோடு, செய்பவரும் ஒருவரே என்றால், இதுவே முதல் தேர்வு. ‘வணங்க வந்தோம்’ (மத்தேயு 2:2). ஆனால் செய எச்சம் நோக்கத்தை மட்டும் சொல்வதன்று. இலக்கண உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகளை நினைத்துப் பாருங்கள்: ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ காரணம், ‘நெல் விளைய மழை பெய்தது’ காரியம், ‘ஞாயிறு பட வந்தான்’ உடனிகழ்ச்சி. செய்பவர் மாறியதும் மூன்றில் எது என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எனவே எழுவாய் வேறான நோக்கத்துக்கு இதைத் தனியே நம்பக் கூடாது.

செய்வதற்கு, செய்வதற்காக. முதன்மை வினை தூரத்தில் இருந்தாலும் இது பிடியை விடாது. இதன் உண்மையான பலம் வேறிடத்தில்: பெயர்த்தன்மை உள்ளதால் ‘அல்ல’, ‘ஏ’ இரண்டையும் ஏற்கிறது. மத்தேயு 5:17, ‘ஊக் ஏல்தொன் கதலூசாய், அல்லா ப்லேரோசாய்’. எதிர்மறை ‘வந்தேன்’ என்பதன் முன் நிற்கிறது, ஆனால் மறுக்கப்படுவது வருகை அன்று, நோக்கம். ‘ஒழிக்க அல்ல’ என்றால் செய எச்சத்தின்மேல் ‘அல்ல’ சரியாக உட்காராது. ‘ஒழிப்பதற்கு அல்ல, நிறைவேற்றுவதற்கே வந்தேன்’ என்றால் சமன் நிற்கிறது. மாற்கு 10:45இலும் அதே அமைப்பு, செயப்பாட்டோடு: ‘பணிவிடை பெறுவதற்கு அல்ல, பணிவிடை செய்வதற்கே வந்தார்’. ‘தியாகொனேதேனாய்’ என்ற செயப்பாட்டைப் ‘பெறு’ என்ற வினை தாங்கிக்கொண்டது. ‘பணிவிடை செய்யப்படுவதற்கு’ என்று எழுதினால் யாருக்கு யார் செய்வது என்றே தெரியாது.

விலை, எடை. ஒரு பக்கத்தில் ஐந்து ‘வதற்காக’ வந்தால் அலுவலகச் சுற்றறிக்கை போலாகிவிடும்.

செய்யும்படி. செய்பவர் வேறானால் இது உதவும்: ‘எல்லாரும் கேட்கும்படி பேசினான்.’ ஆனால் கேட்க வேண்டும் என்று பேசினானா, கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினானா? நோக்கமும் விளைவும் ‘படி’யில் ஒன்றாகக் கலந்துவிடும். கிரேக்கத்தில் விளைவுக்கு ‘ஹோஸ்தெ’ இருக்கிறது. மத்தேயு 6:1இன் ‘ப்ரொஸ் தொ தெஅதேனாய்’ உறுதியாக நோக்கம்; கண்டிக்கப்படுவதே அந்த உள்நோக்கந்தான். அங்கே ‘மனிதர் காணும்படி’ என்றால் கண்டனம் தளர்கிறது. ‘மனிதர் காண வேண்டும் என்பதற்காக’ என்று நீட்டி எழுதுவதில் தயக்கம் வேண்டாம்.

செந்நெறிக் கிரேக்கம் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வருதல், அனுப்புதல் வினைகளோடு நோக்கத்துக்கு எதிர்காலப் பெயரெச்ச வடிவமே வழக்கம். நம் பழந்தமிழின் வான், பான், பாக்கு வாய்பாட்டு எச்சங்கள் (‘உண்பான் வந்தான்’) எதிர்காலத்தைக் கொண்டு நோக்கம் சொல்வதில் அதற்கு மிக நெருங்கியவை. செனபோனின் ‘அனாபசிஸ்’ தொடக்கத்தில் சைரஸைப் பிடிப்பது ‘ஹோஸ் அபொக்தெனோன்’, அதாவது ‘கொல்லும் எண்ணத்தோடு’. அந்த ‘ஹோஸ்’ பிடிப்பவனின் மனத்தைக் காட்டுவதால் வெறும் ‘கொல்ல’ போதாது.

## ஒரே பார்வையில்

| தமிழ் வடிவம் | எப்போது | மறைவான விலை |
|---|---|---|
| செய்ய | செய்பவர் ஒருவரே, அசைவு வினைகள், ‘சொல்’லோடு கட்டளை | செய்பவர் மாறினால் பொருள் மயங்கும், நேரடி எதிர்மறை இல்லை |
| செய்யும்படி / செய்யுமாறு | நீண்ட கட்டளை, செயப்பாட்டு, செய்பவர் தெரியாதபோது | நோக்கமும் விளைவும் கலக்கும், அடுக்கினால் சிக்கும் |
| செய்வதற்கு / செய்வதற்காக | தூரத்து வினை. ‘இதற்கல்ல, இதற்கே’ | கனம் |
| செய்ய வேண்டும் என்று | வேறொருவர் செய்ய விரும்புதல் | ‘நான்’ யார் என்ற மயக்கம் |
| போ / வேண்டாம் என்று | எதிர்மறைக் கட்டளை | மரியாதையைத் தேர்ந்தாக வேண்டும் |

## லூக்கா 8:55ஐப் பிரித்துப் பார்த்தால்

யவீருவின் மகள் எழுந்தவுடன் ‘தியெதக்ஸென் அவ்தே தொதேனாய் பகெய்ன்’. ‘கட்டளையிட்டார் – அவளுக்கு – கொடுக்கப்பட – உண்ண’. நான்கே சொற்கள், அவற்றில் இரண்டு இன்ஃபினிடிவ். தொடக்கநிலை மாணவர் பலர் ‘அவளுக்கு’ என்பதைக் கட்டளையோடு சேர்த்து, ‘உண்ணும்படி அவளுக்குக் கட்டளையிட்டார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘கொடுக்கப்பட’ என்ற சொல் அப்போது அனாதையாக நிற்கிறது. தவறு நேர்ந்ததைக் கண்டுபிடிக்க அது போதும்: மூலத்தில் உள்ள ஒரு சொல்லுக்குத் தமிழில் வேலை இல்லை என்றால் எங்கோ யாரையோ தவறாக இணைத்திருக்கிறோம்.

யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்போம். கட்டளையிடுபவர் இயேசு. கொடுப்பவர் சொல்லப்படவில்லை, அறையில் இருக்கும் பெற்றோரோ வேறு யாரோ. உண்பவள் சிறுமி. மூன்று செயல், மூன்று ஆள்.

உள்ளேயிருந்து வெளியே கட்டலாம். ‘பகெய்ன்’ கொடுத்தலின் நோக்கம். கொடுத்தலோடு நேரே ஒட்டியிருப்பதால் செய எச்சம் போதும்: ‘உண்ணக் கொடு’. இங்கே கொடுப்பவரும் உண்பவளும் வேறுதான். ஆனால் ‘குடிக்கக் கொடு’, ‘படிக்கக் கொடு’ என்பதில் பெறுபவரே செய்பவர் என்று தமிழ்க் காது பழகியிருப்பதால் மயக்கம் இல்லை. ‘தொதேனாய்’ கட்டளையின் உள்ளடக்கம், செய்பவர் தெரியாத செயப்பாட்டு. அதற்கு ‘படி’, செய்வினையாக: ‘அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி’. கடைசியில் முதன்மை வினை: ‘அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்.’

மாற்கு 5:43 இதையே ‘எய்பென்’ என்ற வினையோடு சொல்கிறது, அதாவது வெறும் ‘சொன்னார்’. வினை இலேசானதால் தமிழும் இலேசாகலாம்: ‘அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.’ இரண்டு செய எச்சங்கள் அடுத்தடுத்து வந்தும் சிக்கவில்லை. முதலாவது ‘கொடு’வோடும் இரண்டாவது ‘சொல்’லோடும் வழக்கத்திலேயே ஒட்டிக்கொண்டவை. ‘அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்’ என்று நேர்கூற்றாக்கினால் அறையே கண்முன் வருகிறது. ஆனால் ‘கொடுங்கள்’ என்ற பன்மை மூலத்தில் இல்லாதது, அது பெற்றோர் இருவரையும் பார்த்துச் சொன்னதாக நாம் கொண்ட முடிவு. வாய்விட்டு வாசிக்கும் பதிப்புக்கு அந்த முடிவை எடுக்கலாம். கிரேக்கத்தை அருகில் வைத்துப் படிக்கும் மாணவர் பதிப்புக்கு ‘கொடுக்கச் சொன்னார்’ என்பதோடு நின்றுவிட வேண்டும்.